கிரேஸ்கேல் படத்திலிருந்து மரப் புடைப்பு: கன்னத்தில் விழும் படிகளும் தட்டையாகும் முகமும்

கேள்வி: அண்ணா, பூஜையறைக் கதவுக்கு சிஎன்சி மெஷின்ல கஜலட்சுமி பேனல் போடுறேன். 25 மி.மீ. தேக்குப் பலகை, அளவு 300 × 400, ஆழம் 10 மி.மீ. படம் கிரேஸ்கேல் ஜேபெக், 1200 × 1600 பிக்சல். 6 மி.மீ. ஃபிளாட் டூலில் ரஃபிங், R0.5 டேப்பர் பால்நோஸில் ஃபினிஷிங். கன்னத்திலயும் தொடையிலயும் வயல் வரப்பு மாதிரி படி படியா விழுது. ஸ்டெப்ஓவரை 0.2லிருந்து 0.1 ஆக்கிப் பார்த்தேன், நேரம் இரட்டிப்பானதுதான் மிச்சம். ஸ்மூத் அடிச்சா படி போகுது, ஆனா கூடவே நகையெல்லாம் கரைஞ்சு போயிடுது. 10 மி.மீ. ஆழம் கொடுத்தும் முகம் மட்டும் சப்பையாத்தான் இருக்கு. எங்க தப்பு?

பதில்:

முதலில் உங்கள் படம் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். கிரேஸ்கேல் படங்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, வெள்ளை மேடு, கருப்பு பள்ளம் என்று உயரத்தையே சாம்பல் நிறமாக எழுதிய படம். மற்றது, சாதாரணப் புகைப்படத்தின் நிறத்தை எடுத்துவிட்டது. பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். உயரப் படமாக இருந்தால் கண்விழி ஒரு மென்மையான குமிழாகத் தெரியும், கருவிழி தனியாகக் கருப்பாக இருக்காது. புகைப்படமாக இருந்தால் கருவிழி கறுத்திருக்கும், நெற்றிப் பொட்டு கறுத்திருக்கும், தாடைக்குக் கீழே நிழல் விழுந்திருக்கும், மூக்கின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். மெஷினுக்கு இதெல்லாம் நிறமல்ல, ஆழம். கருவிழி இருக்கும் இடத்தில் 8 மி.மீ. குழி விழும். அந்த வகைப் படத்தை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. உயரத்தைக் கையால் வரைந்தோ, 3டி மாடலிலிருந்து ரெண்டர் செய்தோ எடுத்தால்தான் உண்டு.

நீங்கள் சொல்லும் குறைகளைப் பார்த்தால் உங்களுடையது உயரப் படம்தான். புகைப்படம் என்றால் முகம் சப்பையாக இருக்காது, விகாரமாக இருக்கும். எனவே அப்படியே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உங்களுடைய எல்லாப் பிரச்சினைக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது. மரப் புடைப்பு முழுக்க ஒரே நிறம். அதில் நம் கண்ணுக்குத் தெரிவது ஆழம் அல்ல, சரிவு. வெளிச்சத்தை நோக்கித் திரும்பிய பரப்பு பளிச்சென்றும், விலகித் திரும்பியது மங்கியும் தெரிகிறது, அதை வைத்துத்தான் மூக்கு, கன்னம் என்று நாம் படித்துக்கொள்கிறோம். அதனால்தான் 0.05 மி.மீ. படி ஒன்று கன்னத்தில் கண்ணை உறுத்துகிறது, அதே படத்தில் 10 மி.மீ. ஆழம் இருந்தும் முகம் சப்பையாகத் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வேலைகளை இதே வரிசையில் செய்ய வேண்டும்: படியை நீக்குவது, ஆழத்தைப் பங்கிடுவது, டூலால் எது முடியும் என்று பார்ப்பது. நீங்கள் ஸ்மூத்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

படி எங்கிருந்து வருகிறது

ஜேபெக் படம் 8-பிட். சாம்பலில் 0 முதல் 255 வரை மொத்தம் 256 நிலைகள்தான். 10 மி.மீ. ஆழத்தை 255 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.039 மி.மீ. ஆனால் எந்தப் படமும் முழு நீளத்தையும் பயன்படுத்துவதில்லை. ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். பின்புலம் 8இல் தொடங்கி உச்சம் 224இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 216 நிலைகளைத்தான் மென்பொருள் 10 மி.மீ.க்கு இழுத்து நீட்டுகிறது, ஒரு படி 0.046 மி.மீ. ஆகிவிடுகிறது.

கன்னத்துக்கு வருவோம். 20 மி.மீ. தூரத்துக்கு அரை மி.மீ. மட்டும் ஏறும் மென்மையான சரிவு அது. அதில் 11 படிகள் விழும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. அகலம், அதாவது 7 பிக்சல். கன்னத்தின் உண்மையான சரிவு ஒன்றரை டிகிரிகூட இல்லை. ஆனால் படத்தில் இருப்பதோ 7 பிக்சல் தட்டை, பிறகு ஒரே பிக்சலில் 0.046 மி.மீ. ஏற்றம். உங்கள் பிக்சல் 0.25 மி.மீ. என்பதால் அந்த ஏற்றத்தின் சரிவு 10 டிகிரிக்கு மேல். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது கோடாகத் தெரியாமல் வேறெப்படி தெரியும்?

இதே கணக்கு ஸ்டெப்ஓவர் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடும். பால்நோஸ் விட்டுச்செல்லும் வரப்பின் உயரம் ஏறத்தாழ `s*s / (8*R)`; இதில் s ஸ்டெப்ஓவர், அதாவது அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையிலான தூரம், R டூலின் ஆரம். R0.5 டூலில் 0.2 ஸ்டெப்ஓவருக்கு 0.01 மி.மீ., 0.1க்கு 0.0025 மி.மீ. படத்தில் இருக்கும் படி இதைவிட 18 மடங்கு பெரியது. டூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. படத்தில் இருந்த படியை இன்னும் துல்லியமாகச் செதுக்கிக் கொடுத்திருக்கிறது. 2.5 மீட்டர்/நிமிட வேகத்தில் 0.2க்கு 4 மணி நேரம், 0.1க்கு 8 மணி நேரம் என்று உங்கள் நேரம்தான் போயிருக்கும்.

16-பிட் படம் என்றால் 65,536 நிலைகள், ஒரு படி 0.0002 மி.மீ.கூட வராது. அதனால் படம் கொடுத்தவரிடம் மூலக் கோப்பு 16-பிட் பிஎன்ஜியாகவோ டிஃப்பாகவோ, அல்லது எஸ்டிஎல்லாகவோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இந்தப் பாதி வேலையே கிடையாது. வாட்ஸ்அப்பில் வாங்கினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி ஜேபெக்காக நசுங்கித்தான் வரும்.

ஒன்று மட்டும்: 8-பிட் படத்தைத் திறந்து 16-பிட்டாக மாற்றி சேமித்தால் எதுவும் நடக்காது. அதே 256 படிகள் பெரிய பெட்டியில் உட்கார்ந்திருக்கும். மாற்றிய பிறகு படிகளுக்கு நடுவே புது மதிப்புகளை நிரப்ப வேண்டும், அதுதான் அடுத்த வேலை.

படியை மட்டும் நீக்குவது

படத்தில் 140 என்று எழுதியிருந்தால் உண்மையான உயரம் 139.5க்கும் 140.5க்கும் இடையில் எங்கேயோ இருந்திருக்கிறது, முழு எண்ணாக்கும்போது அது தொலைந்துவிட்டது. ஆக, ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே அரை நிலை, கீழே அரை நிலை நகரும் உரிமை உண்டு, அதற்கு மேல் கிடையாது. படத்தை லேசாக ப்ளர் செய்யுங்கள். அந்த எல்லையைத் தாண்டிய பிக்சலை எல்லைக்கே இழுத்துவிடுங்கள். மறுபடி ப்ளர், மறுபடி இழுப்பு. இப்படி இருநூறு, முந்நூறு முறை ஓட்டினால் கன்னத்துப் படிகள் ஒன்றோடொன்று கலந்து வழவழப்பான சரிவாகிவிடும். நகையின் மணி ஒன்று பக்கத்துப் பள்ளத்தைவிட 15 நிலை உயரம், அது அரை நிலைக்கு மேல் அசையவே முடியாது. ஸ்மூத் அடித்தால் நகை கரைகிறது என்றீர்களே, அந்தக் குறை இந்த முறையில் வராது.

பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import cv2, numpy as np
from scipy import ndimage as nd

g = cv2.imread("lakshmi.jpg", cv2.IMREAD_GRAYSCALE)
g = cv2.medianBlur(g, 3).astype(float)

tol = 1.5
s = g.copy()
for _ in range(300):
    s = nd.gaussian_filter(s, 1.5)
    s = np.clip(s, g - tol, g + tol)
```

`tol` நல்ல பிஎன்ஜிக்கு 0.5 போதும். உங்களுடையது ஜேபெக் என்பதால் 1.5 போட்டிருக்கிறேன். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்கும், அதில் மதிப்புகள் ஒன்றிரண்டு நிலை முன்னே பின்னே ஆடிவிடும். உங்கள் அளவில் ஒரு கட்டம் 2 மி.மீ. சதுரம். வெட்டிய பரப்பைச் சாய்வாகப் பார்த்தால் அந்தச் சதுரங்கள் லேசாகத் தெரிவதுண்டு, குறிப்பாக உருவத்தின் ஓரத்தை ஒட்டி. `tol`ஐ 3, 4 என்று ஏற்றாதீர்கள், இமைக்கோடும் விரல் நகமும் அந்த அளவு உயரத்தில்தான் இருக்கும்.

தொடக்கத்தில் இருக்கும் மீடியன், தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பிக்சலை எடுத்துவிடும். அரை மி.மீ.க்கும் சிறிய விஷயங்கள் அதோடு போகும், ஆனால் அவ்வளவு சிறியதை உங்கள் டூலும் வெட்டப்போவதில்லை.

பைத்தான் வேண்டாம் என்பவர்கள் கிம்ப்பில் படத்தின் துல்லியத்தை 32-பிட் ஃப்ளோட் ஆக்கிவிட்டு `Selective Gaussian Blur` போடலாம். டெல்டாவை மிகச் சிறிதாக, 0.01 அளவில் வைக்க வேண்டும். அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான், ஆனாலும் மொத்தமாக ஸ்மூத் அடிப்பதற்கு எவ்வளவோ தேவலை. துல்லியத்தை மாற்றும்போது அங்கேயே காமாவும் கேட்கும், படத்தில் ஏற்கெனவே இருக்கும் காமாவையே வைத்திருங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆழத்தைப் பங்கிடுவது

இப்போது முகம். இந்தப் படத்தில் பின்புலத்திலிருந்து முன்னே நீட்டிய முழங்கால் வரை மொத்தம் 216 நிலைகள். அதில் முகத்துக்குக் கிடைத்தது எவ்வளவு? மூக்கு நுனியிலும் கன்னத்திலும் மதிப்பைப் பாருங்கள், வித்தியாசம் 18 நிலைகள் அளவில்தான் இருக்கும். 10 மி.மீ.இல் அது 0.8 மி.மீ. மீதி ஆழத்தை எல்லாம் தாமரைப் பீடமும் முழங்காலும் தின்றுவிட்டன. ஆழத்தை 14 ஆக்கினாலும் முகத்துக்கு 1.2 மி.மீ.தான் வரும், பலகைதான் மெலியும்.

மென்பொருளில் இருக்கும் உயர ஸ்கேலிங் எல்லாம் நேர்விகிதம், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கும். கர்வ் இழுத்து முகம் இருக்கும் சாம்பல் பகுதியை மட்டும் செங்குத்தாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த உயரத்தில் முகம் மட்டும்தான் இருக்கிறது என்றால் அது பலிக்கும். கஜலட்சுமியில் முகத்தின் உயரத்திலேயே மேல் கைகளும் யானைத் துதிக்கையும் இருக்கும், அவையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

பலன் தரும் வழி, உயரத்தை இரண்டாகப் பிரிப்பது. பெரிய ப்ளர் போட்டால் கிடைப்பது உடம்பின் மொத்த எழுச்சி, அதை அடித்தளம் என்போம். மூலத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது மூக்கு, உதடு, நகை, மடிப்பு எல்லாம் அடங்கிய நுணுக்கம். அடித்தளத்தைக் குறைத்து, நுணுக்கத்தைக் கூட்டி, மறுபடி சேர்த்துவிட வேண்டும். கண் சரிவைத்தான் பார்க்கிறது என்றேனே, முழங்கால் 10 மி.மீ.க்கு பதில் 7 மி.மீ. எழுந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், மூக்கின் சரிவு செங்குத்தானால் எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த புடைப்பு செதுக்கும் ஸ்தபதியும் இதைத்தான் செய்கிறார். வயிற்றையும் தொடையையும் அமுக்கிவிட்டு, உதட்டு ஓரத்தில் உளியை ஆழமாக இறக்குவார்.

```python
mm = 0.25
D  = 10.0
lo, hi = 8, 224
s = np.clip((s - lo) / (hi - lo), 0, 1) * D

m   = (s > 0.4).astype(float)
sig = 6.0 / mm
base = nd.gaussian_filter(s*m, sig) / np.maximum(nd.gaussian_filter(m, sig), 1e-6)
det  = np.tanh(s - base)

z = np.maximum(0.65*base + 1.6*det, 0) * m
z *= D / z.max()
z = nd.gaussian_filter(z, 0.25/mm)
```

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். `m` என்பது உருவத்தை மட்டும் வெட்டியெடுக்கும் முகமூடி. பின்புலத்தையும் சேர்த்து ப்ளர் செய்தால் உருவத்தின் ஓரத்தில் அடித்தளம் பின்புலத்தோடு கலந்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் வரும். முகமூடி இருந்தால் உருவத்துக்குள் இருக்கும் உயரங்களை மட்டும் வைத்து சராசரி எடுக்கும். கூடவே இன்னொரு லாபம், பின்புலத்தில் ஜேபெக் தெளித்திருக்கும் சிறு புள்ளிகள் எல்லாம் 0 ஆகிவிடும். கறுப்புதானே என்று நாம் விட்டுவிடுகிறோம், ஆனால் அங்கே 5 நிலை ஆட்டம் இருந்தால் 0.2 மி.மீ. சொரசொரப்பு.

`tanh` எதற்கு? நுணுக்கம் என்ற பெயரில் பெரிய பள்ளங்களும் உள்ளே வரும், உதாரணமாக உடம்புக்கு முன்னால் வரும் கையின் ஓரம். அதையும் 1.6ஆல் பெருக்கினால் கை உடம்பிலிருந்து பிய்ந்துகொண்டு நிற்கும். `tanh` அரை மி.மீ.க்குள் இருப்பதைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டு, பெரியதை 1 மி.மீ.க்குள் அடக்கிவிடும். ஆக, சின்னவை மட்டும் வளரும்.

`sig` 6 மி.மீ. என்பது முகத்தின் அளவைப் பொறுத்தது. உங்கள் பேனலில் முகம் சுமார் 40 மி.மீ. அகலம் வரும், மூக்கு 8 மி.மீ. மூக்கும் உதடும் நுணுக்கத்தின் பக்கம் விழ வேண்டும், முகத்தின் முட்டை வடிவம் அடித்தளத்தின் பக்கம் விழ வேண்டும். இதை 2 மி.மீ. ஆக்கினால் நகை மட்டும் எழும்பும், முகம் சப்பையாகவே இருக்கும். 20 மி.மீ. ஆக்கினால் அடித்தளம் ஒரே பலகையாகி, அமுக்குவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

கணக்குக்கு, 0.8 மி.மீ. மூக்கில் 0.5 நுணுக்கத்திலும் 0.3 அடித்தளத்திலும் விழுந்தால், புதிய உயரம் `0.65*0.3 + 1.6*0.5`, ஏறத்தாழ 1 மி.மீ. இதற்குள் மொத்த ஆழம் 7 மி.மீ. அளவுக்கு இறங்கியிருக்கும். அதைத் திரும்ப 10க்கு ஏற்றினால் மூக்கு 1.4 மி.மீ. ஆகிறது. அதே பலகை, அதே 10 மி.மீ., முகம் முக்கால் பங்கு கூடுதலாக எழுந்திருக்கிறது. நானாக இருந்தால் 10க்கு ஏற்றாமல் 8இல் நிறுத்திவிடுவேன். கதவு பேனலுக்கு 8 தாராளம், ரஃபிங் நேரமும் மிச்சம், பலகையும் கனமாக நிற்கும். அப்படி நிறுத்துவதானால் `D / z.max()` என்பதை `8.0 / z.max()` ஆக்கிவிடுங்கள். 1.6ஐ 2.5 வரை ஏற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அம்மனுக்கு வயதாகிவிடும்: கண்ணுக்குக் கீழே பை, வாயோரத்தில் கோடு. 1.4 முதல் 1.8க்குள் நில்லுங்கள்.

கடைசி வரியில் இருக்கும் 0.25 மி.மீ. ப்ளர் மட்டும்தான் நீங்கள் வழக்கமாக அடிக்கும் ஸ்மூத்தின் இடம். டூலின் ஆரம் 0.5 என்பதால் அதில் பாதி. டூல் எப்படியும் உருட்டிவிடப் போகும் ஓரங்களை முன்கூட்டியே உருட்டுவதால் நஷ்டமில்லை, மெஷின் குலுங்காமல் ஓடும். 3 மி.மீ. பால்நோஸில் வெட்டுபவர் இதை 0.5, 0.7 வரை ஏற்றலாம்.

வெட்டுவதற்கு முன் பார்ப்பது

திரையில் கிரேஸ்கேலைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 0.046 மி.மீ. படி சாம்பலில் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் தாழ்ந்த விளக்கு வைத்ததுபோல நிழலிட்டுப் பாருங்கள்:

```python
gy, gx = np.gradient(z, mm)
sh = (0.97*gx + 0.26) / np.sqrt(1 + gx**2 + gy**2)
cv2.imwrite("shade.png", np.clip(sh*255, 0, 255).astype(np.uint8))
```

இது இடப்பக்கம் 15 டிகிரி உயரத்தில் விளக்கு வைத்த கணக்கு. பழைய படத்தையும் மி.மீ.க்கு மாற்றி இதே வழியில் ஓட்டினால் கன்னத்தின் வரப்புகள் தேக்கில் தெரிந்ததுபோலவே திரையில் தெரியும். புதியதில் அவை இல்லையென்றால் மரத்திலும் வராது.

அடுத்து, டூலால் எது முடியும் என்பது. பால்நோஸ் ஒரு உருண்டை, தன் ஆரத்தைவிட இறுக்கமான பள்ளத்துக்குள் இறங்காது. அது விட்டுவிடும் இடங்களை முன்பே கணக்கிடலாம்:

```python
R = 0.5
r = int(np.ceil(R/mm))
y, x = np.mgrid[-r:r+1, -r:r+1] * mm
d2 = x**2 + y**2
foot = d2 <= R*R
ball = np.where(foot, np.sqrt(np.maximum(R*R - d2, 0)) - R, 0)
left = nd.grey_closing(z, footprint=foot, structure=ball) - z
```

`left` என்பது டூல் எட்டாமல் விட்டுப்போகும் மரத்தின் தடிமன், மி.மீ.இல். R0.5க்கு உங்கள் படத்தில் இது கழுத்தாரத்தின் மணிகளுக்கு நடுவிலும் இமையோரத்திலும் மட்டும் தென்படும். `R`ஐ 1.5 ஆக்கி ஓட்டிப் பாருங்கள், 3 மி.மீ. பால்நோஸ் எங்கெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் என்று தெரியும். 0.15 மி.மீ.க்கு மேல் எஞ்சும் இடங்கள் முகம், நகை, கைவிரல்களில் மட்டும் குவிந்திருந்தால், மொத்தப் பேனலுக்கும் R0.5 ஓட்டத் தேவையில்லை. பெரிய டூலில் முழுதும் ஒரு ஃபினிஷிங், நகை, முகம், விரல்கள் இருக்கும் பகுதிகளில் மட்டும் R0.5இல் இரண்டாவது ஃபினிஷிங். பாதி நேரம் மிச்சமாகலாம்.

மணிகளுக்கு நடுவே நிறைய எஞ்சுகிறது என்று காட்டினால் டூலை மாற்றுவதற்கு முன் படத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். 1.5 மி.மீ. மணிகளை நெருக்கி வைத்திருக்கும் ஆரத்தை இந்த அளவில் வெட்டினால் முறுக்குக் கயிறுபோலத்தான் வரும், தேக்கின் நார் ஓரங்களைப் பிய்த்துக்கொண்டும் போகும். மணிகளைக் கொஞ்சம் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைத்தால் சுத்தமாக வரும்.

சேமிப்பது 16-பிட்டில்:

```python
cv2.imwrite("lakshmi16.png", np.round(z / z.max() * 65535).astype(np.uint16))
```

உச்சம் எப்போதும் 65535 என்று எழுதப்படுவதால், ஆழம் 10ஆ 8ஆ என்பதை மென்பொருளில் கொடுத்துவிடுங்கள். அகலமும் 300 என்று நீங்களே கொடுக்க வேண்டும், படத்துக்குள் இருக்கும் டிபிஐயை நம்பாதீர்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, சில மென்பொருள்கள், அதிலும் பழைய பதிப்புகள், 16-பிட் படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே 8-பிட்டாகக் குறைத்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, இவ்வளவு உழைப்பும் வீண். கண்டுபிடிக்க எளிய வழி: இடமிருந்து வலம் ஒரே சீராக வெளுக்கும் 16-பிட் பட்டை ஒன்றை உருவாக்கி, இதே ஆழத்தில் இறக்குமதி செய்து, 3டி காட்சியில் சாய்த்துப் பாருங்கள். வழவழப்பான சறுக்கு என்றால் சரி. சம அகலப் படிகள் தெரிந்தால் உங்கள் மென்பொருளுக்குப் படமாகக் கொடுக்காமல் எஸ்டிஎல்லாக மாற்றிக் கொடுங்கள், அதில் உயரம் மி.மீ.இலேயே போகும்.

இரண்டாவது காமா. திரைக்கான படங்களில் சாம்பலை நேர்விகிதமாக எழுதுவதில்லை. நேர்விகிதத்தில் பாதி என்பது திரைக் கணக்கில் 128 அல்ல, 188. யாராவது ஒரு கட்டத்தில் உயரப் படத்தைச் சாதாரணப் படமாக நினைத்து மாற்றிவிட்டால் பாதி உயரத்தில் இருந்த கன்னம் முக்கால் உயரத்துக்கு ஏறிவிடும். உருவம் முழுக்க உப்பிப்போய், மேலே தட்டையாகவும் ஓரத்தில் செங்குத்தாகவும் தெரியும். எதிர்த்திசையில் மாற்றினால் ஓரமெல்லாம் அமுங்கி, மூக்கும் முழங்காலும் மட்டும் கூம்பாக நிற்கும். பிளெண்டரில் உயரப் படம் ரெண்டர் செய்பவர்கள் `View Transform`ஐ `Raw` ஆக்காமல் விட்டால் இது கட்டாயம் நடக்கும். உங்களுக்குப் படம் தந்தவரும் அதைச் செய்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் படத்தில் உருண்டையான ஒரு பொருளைப் பாருங்கள், யானையின் நெற்றியோ, கலசத்தின் வயிறோ. குறுக்குவெட்டில் அது வட்டத்தின் வில்லாக இல்லாமல் சப்பாத்திப் பலகைபோலத் தட்டையாக இருந்தால் `s`ஐ 0–1க்குள் வைத்திருக்கும்போதே, D ஆல் பெருக்கும் முன், 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ சரியாகிவிடும்.

இவ்வளவும் ஆன பிறகும் முழுப் பலகையை மேசையில் ஏற்றாதீர்கள். முகம் இருக்கும் 60 × 60 மி.மீ. பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே தேக்கின் துண்டில், அதே நார்த்திசையில், 0.1 ஸ்டெப்ஓவரில் ஓட்டுங்கள். பாதை 36 மீட்டர்தான். குறுகிய ஓட்டம் என்பதால் மெஷின் முழு வேகம் எடுக்காது, ஆனாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காய்ந்ததும் டார்ச்சை மேசையோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். வரப்பு எதுவும் இல்லை, மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் எழலாம் என்று தோன்றினால் 1.6ஐ 1.75 ஆக்கி அடுத்த துண்டு. வரப்பு இன்னும் தெரிந்து, அவை ஒரே இடைவெளியில் நேர்கோடாக இருந்தால் அது டூல் பாதையின் வரப்பு, ஸ்டெப்ஓவரைப் பாருங்கள். கன்னத்தின் வடிவத்தைச் சுற்றி வளைந்து போனால் அது படத்தின் படி, மென்பொருள் 8-பிட்டாகக் குறைத்திருக்கிறது என்று அர்த்தம்.